பள்ளிக்கு எழுதிய இரண்டு கடிதங்கள்: தண்டையார்பேட்டைச் சிறுமி ஒருத்தியின் ஆஸ்துமா

முதல் கடிதம் ஒரே வரிதான். ஜூன் மாதத்தில் ஒரு மாலை, வெளியே பதினைந்து பேர் காத்திருக்கும்போது, மருந்துச் சீட்டின் அடியில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். இந்தக் குழந்தைக்கு ஆஸ்துமா இருக்கிறது. தூசியையும் கடுமையான ஓட்டத்தையும் தவிர்க்கவும். தேவைப்பட்டால் இன்ஹேலர் தரவும். கையெழுத்தும் முத்திரையும் வைத்தேன். பள்ளி கேட்டது கிடைத்துவிட்டது, அம்மாவும் நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வரி என்ன செய்தது என்பது நவம்பரில் தெரிந்தது. அதனால்தான் இரண்டாவது கடிதத்தை எழுத எனக்கு ஒரு வாரம் பிடித்தது. இந்தக் குறிப்பு அந்த இரண்டு கடிதங்களுக்கும் நடுவில் நடந்ததைப் பற்றியது. குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

சிறுமிக்கு எட்டு வயது, எடை 22 கிலோ, மூன்றாம் வகுப்பு. அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் கூலி வேலை. அம்மா ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் வேலை. மூன்று வயதிலிருந்தே சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். காலையும் மாலையும் எடுக்க ஒரு தடுப்பு இன்ஹேலரும், மூச்சு முட்டும்போது எடுக்க சால்பூட்டமால் இன்ஹேலரும் கொடுத்திருந்தேன். இரண்டையும் ஸ்பேசர் வழியாகத்தான் எடுக்க வேண்டும். இன்ஹேலரிலிருந்து வரும் மருந்தைப் பிடித்து வைத்து, குழந்தை நிதானமாக உள்ளிழுக்க உதவும் குடுவை அது. ஸ்பேசர் வீட்டில் ஒன்றுதான் இருந்தது.

நவம்பரில் நடந்தது

மழைக்காக இரண்டு நாள் விடுமுறை விட்டு, மூன்றாம் நாள் பள்ளி திறந்தது. குழந்தைக்கு அதற்கு முன்பே சளியும் இருமலும் இருந்தன. காலையில் சுற்றுச்சுவர் ஓரம் குவிந்திருந்த ஈர இலையையும் காகிதத்தையும் கொளுத்தியிருக்கிறார்கள். ஈரக் குப்பை எரியாது, புகையும். குழந்தை உட்கார்ந்திருந்தது அந்தச் சுவரை ஒட்டிய கடைசி பெஞ்சு. கரும்பலகைத் தூசி படக்கூடாது என்று ஜூனிலேயே அவளை அங்கே மாற்றியிருந்தார்கள். தூசியைத் தவிர்க்கச் சொன்னது நான்தானே.

பத்தே முக்காலுக்கு இருமல் ஆரம்பித்தது. டீச்சர் வெந்நீர் கொடுத்து, தலையை மேசையில் சாய்த்துப் படுத்துக்கொள்ளச் சொன்னார். பதினொன்றேகாலுக்குப் பக்கத்தில் இருந்த பெண்தான் எழுந்து சொன்னாள்: "மிஸ், அவளுக்கு வீசிங் வந்துடுச்சு. பேச மாட்டேங்கறா." இன்ஹேலர் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் பத்திரமாக இருந்தது. தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருந்தார், சாவி அவரிடம். மாற்றுச் சாவியைத் தேடி எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று. ஸ்பேசர் இல்லை. மருந்துச் சீட்டில் "இரண்டு பஃப்" என்று இருந்ததால், டீச்சர் குழந்தையின் வாயில் வைத்து இரண்டு முறை அழுத்தினார். மூச்சு வாங்கும் குழந்தையால் அந்த அழுத்தத்தோடு சேர்த்து உள்ளிழுக்க முடியாது. மருந்து நாக்கிலும் தொண்டையிலும் படிந்துபோனது. இன்னும் கொடுக்கலாமா கூடாதா என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அம்மாவின் கைபேசி நிறுவன லாக்கரில் இருந்தது, மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் கைக்கு வரும். ஆட்டோ பிடித்தார்கள். டி.எச். ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் நிற்க, ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தபோது மணி பன்னிரண்டு இருபது.

அப்போது ஆக்ஸிஜன் அளவு 89. ஸ்டெதாஸ்கோப்பு வைத்தால் வீசிங் சத்தம் அநேகமாகக் கேட்கவில்லை, காற்றே சரியாக உள்ளே போகவில்லை. ஆக்ஸிஜன், முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று முறை நெபுலைசர், வாய்வழி ஸ்டீராய்டு. மாலைக்குள் தெளிந்தாள். இரண்டு நாளில் வீட்டுக்குப் போனாள்.

முதல் இருமலில் இருந்து பயனுள்ள முதல் மருந்து வரை ஒன்றரை மணி நேரம். அதில் ஒரு நிமிடம்கூட யாரும் சும்மா இருக்கவில்லை. சனிக்கிழமை பள்ளிக்குப் போய் வகுப்பு ஆசிரியை, பி.டி. சார், தலைமை ஆசிரியர் மூவரிடமும் உட்கார்ந்து பேசியபோதுதான் இது முழுவதும் புரிந்தது. ஐந்து மாதமாக அவள் ஒருநாளும் விளையாட்டுப் பீரியடில் இறங்கவில்லை. மற்றவர்களின் செருப்புகளைப் பார்த்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருக்கிறாள். சத்துணவில் முட்டையை நிறுத்தியிருந்தார்கள், சளி கட்டும் என்று. இன்ஹேலர் பூட்டப்பட்டிருந்தது, பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடக்கூடாது என்று. எல்லாமே அக்கறையில் செய்தவை. "தவிர்க்கவும்" என்றும் "தேவைப்பட்டால்" என்றும் எழுதினேனே, எதை, யார், எப்போது, எத்தனை என்று ஒன்றும் சொல்லவில்லை. அந்த இடைவெளிகளை அவர்கள் தமக்குத் தெரிந்ததை வைத்து நிரப்பிக்கொண்டார்கள்.

இரண்டாவது கடிதம்

எழுத உட்கார்ந்ததும் அம்மாவிடமிருந்து முதல் வேண்டுகோள் வந்தது. "ஆஸ்துமான்னு போடாதீங்க டாக்டர். வீசிங்னு போடுங்க. பொம்பளப் புள்ள, நாளைக்கு நாலு பேர் நாலு விதமா பேசுவாங்க." வட சென்னையில் இந்த வேண்டுகோள் வராத வாரம் எனக்குக் கிடையாது. வீசிங் என்றால் வந்து போகிற ஒன்று, ஆஸ்துமா என்றால் ஒட்டிக்கொண்ட ஒன்று என்று இங்கே அர்த்தமாகிவிட்டது. ஆனால் 108 ஊழியரோ வேறொரு மருத்துவரோ அந்தத் தாளைப் பார்க்கும்போது நோயின் பெயர் தெளிவாக இருக்க வேண்டும். "ரெண்டையும் போடறேம்மா. எல்லார்க்கும் காட்டச் சொல்ல மாட்டேன், மூணு பேர்கிட்ட மட்டும்தான் இருக்கும்" என்றேன். சம்மதித்தார்.

கடிதம் தமிழில், ஒரு தாளின் இரண்டு பக்கத்தில். அவசரத்தில் செய்ய வேண்டியது முன்பக்கத்தில், பெரிய எழுத்தில். நோய் விளக்கம் பின்பக்கத்தில். மருத்துவர்கள் வழக்கமாக நோயிலிருந்து ஆரம்பித்து அவசரத்தில் முடிப்போம். குழந்தை மூச்சுக்குத் திணறும்போது தாளை எடுக்கும் ஆசிரியைக்கு அந்த வரிசை உதவாது.

முன்பக்கம் இது:

வகுப்பு ஆசிரியர் அவர்களுக்கு,

இந்த மாணவிக்கு ஆஸ்துமா இருக்கிறது. நாம் வீசிங் என்று சொல்வது இதைத்தான்.

விடாத இருமல், நெஞ்சு இறுக்கம், மூச்சில் விசில் சத்தம், "மூச்சு வாங்குது" என்று அவளே சொல்வது: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே இதைச் செய்யுங்கள். சந்தேகம் இருந்தாலும் செய்யுங்கள்.

1. நிமிர்ந்து உட்கார வையுங்கள். படுக்க வைக்க வேண்டாம். தனியாக விட வேண்டாம். மருந்தை எடுத்துவர வேறொருவரை அனுப்புங்கள்.

2. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய இன்ஹேலரைக் குலுக்கி, பாட்டில் ஸ்பேசரில் பொருத்துங்கள். ஒரு முறை அழுத்துங்கள். பாட்டில் வாயை உதடுகளால் இறுக்கி மூடிக்கொண்டு நான்கு முறை மூச்சை இழுத்து விடட்டும். மறுபடி குலுக்கி, அடுத்த பஃப். இப்படி மொத்தம் நான்கு பஃப்.

3. கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம் காத்திருங்கள்.

4. சரியாகவில்லை என்றால் மறுபடி நான்கு பஃப். அதே நேரத்தில் இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை நான்கு பஃப் கொடுத்துக்கொண்டே இருங்கள்.

கீழே உள்ளதில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். முதலில் 108, உடனே பஃப்: ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை, கழுத்துக் குழியும் விலா எலும்பு இடுக்கும் உள்ளே இழுக்கின்றன, உதடு நீலமாகவோ சாம்பலாகவோ தெரிகிறது, குழந்தை சோர்ந்து கண் சொருகுகிறாள், விசில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் திணறல் நிற்கவில்லை.

இந்த மருந்தைக் கொடுக்க எனது அறிவுறுத்தலும் பெற்றோரின் சம்மதமும் உண்டு. கைநடுக்கமும் படபடப்பும் வரலாம், சிறிது நேரத்தில் போய்விடும். தேவையில்லாமல் கொடுத்துவிட்டால் கெடுதல் வராது. கொடுக்காமல் காத்திருந்தால் வரும்.

அடியில் என் கையெழுத்து, அம்மாவின் கையெழுத்து, தேதி, அடுத்த ஜூன்வரை செல்லும் என்ற வரி. பிறகு தொலைபேசி எண்கள்: பாட்டி, அடுத்த வீட்டு அக்கா, அம்மாவின் நிறுவன மேற்பார்வையாளர், அப்பா. அம்மாவின் சொந்த எண் கடைசியில். அவர் எடுக்க முடியாத எண்ணை முதலில் போட்டால், ஒலித்து ஓயும் ஒவ்வொரு அழைப்பும் ஒரு நிமிடத்தைத் தின்னும்.

ஏன் அப்படி எழுதினேன்

நான்கு பஃப், நான்கு மூச்சு, நான்கு நிமிடம். ஆஸ்திரேலியாவில் பள்ளிகளுக்கும் பொதுமக்களுக்கும் கற்றுத் தரும் முதலுதவி முறை இது. பிரிட்டனில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்கு ஒரு பஃப் வீதம் பத்து வரை என்கிறார்கள். மருந்தளவில் இரண்டும் பாதுகாப்பானவை. ஒரே எண் மூன்று இடத்தில் வருவதால் பதற்றத்தில் மறக்காது என்று முதலாவதை எடுத்துக்கொண்டேன். இதைச் சொன்னபோது ஆசிரியை தயங்கினார். "எட்டு பஃப், பன்னெண்டு பஃப்னு போச்சுன்னா ஓவர்டோஸ் ஆயிடாதா சார்?"

நியாயமான பயம், கணக்கு போட்டுத்தான் தீர்க்க வேண்டும். சால்பூட்டமால் இன்ஹேலரில் ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். இதே மருந்து சிரப்பாகவும் வருகிறது, பல வீடுகளில் இருமலுக்கு ஐந்து மில்லி ஊற்றிக் கொடுப்பார்கள். அந்த ஐந்து மில்லியில் 2 மில்லிகிராம். அதாவது இருபது பஃப் அளவு ஒரே ஸ்பூனில். சிரப் வயிற்றுக்குப் போய் இரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றி நுரையீரலுக்கு வர வேண்டும். இன்ஹேலர் நேராக இறுகிய மூச்சுக்குழாயிலேயே போய் விழுகிறது. கணக்கைக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "சிரப்ப பயமில்லாம குடுக்கறோம், இதுக்குப் போய் பயந்திருக்கோம்."

ஒரு முறைக்கு ஒரு பஃப்தான் என்று அழுத்தி எழுதியதற்கும் காரணம் உண்டு. அவசரத்தில் நான்கையும் ஸ்பேசருக்குள் அடித்துவிட்டு மூச்சிழுக்கச் சொல்வார்கள். அப்போது துளிகள் ஒன்றோடொன்று மோதி, சுவரில் ஒட்டி, நுரையீரலுக்குப் போவது குறைந்துவிடும்.

இனி ஸ்பேசர். அம்மாவால் இன்னொன்று அப்போது வாங்க முடியவில்லை. அதனால் பள்ளிக்கு 500 மில்லி குளிர்பான பாட்டில் ஒன்றைத் தயார் செய்தோம். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் மூச்சுத் திணறலோடு வந்த குழந்தைகளிடம் செய்து பார்த்த ஆய்வு, 1999இல் வெளியானது. ஓட்டையைப் பசையால் நன்றாக அடைத்த பாட்டில் கடை ஸ்பேசருக்கு இணையாக வேலை செய்தது. அடைக்காத பாட்டிலும் தெர்மோகோல் கோப்பையும் அந்த அளவுக்குச் செய்யவில்லை. ஆகவே விஷயம் அடைப்பில்தான். பாட்டிலின் அடிப்பாகத்தில் இன்ஹேலர் வாயின் வடிவத்திலேயே சூடான கம்பியால் ஓட்டை போட்டு, சுற்றிலும் பசை வைத்து அடைத்து, இன்ஹேலர் பிடித்து நிற்கும்படி செய்தேன். பாட்டிலின் வாய்தான் குழந்தை வாயில் வைக்கும் இடம். எட்டு வயதுக்கு முகமூடி தேவையில்லை. சோப்பு நீரில் அலசி, துடைக்காமல் தானாக உலர விட வேண்டும். துணியால் தேய்த்தால் பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை இதைச் செய்ய வகுப்பு ஆசிரியை ஒப்புக்கொண்டார். கடையில் வாங்கிய வால்வுள்ள ஸ்பேசர் வீட்டில், தினசரி தடுப்பு மருந்துக்கு.

சிவப்பு ஸ்டிக்கர் ஏன் என்றால், இன்ஹேலரின் நிறத்தை நம்ப முடியாது. நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. தடுப்பு இன்ஹேலரைத் தவறிப் பையில் போட்டு அனுப்பிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது வீக்கத்தை நாள்கணக்கில் குறைக்கும் மருந்து. திணறும்போது எத்தனை பஃப் அடித்தாலும் அந்த நேரத்துக்கு உதவாது. அவளுடைய இன்ஹேலரில் மீதி எத்தனை என்று காட்டும் எண்ணும் இல்லை. 200 பஃப் தீர்ந்த பிறகும் குலுக்கினால் உள்ளே ஏதோ இருப்பது போலச் சத்தம் வரும், அழுத்தினால் காற்றும் வரும், மருந்துதான் இருக்காது. தண்ணீரில் மிதக்க விட்டுப் பார்க்கும் பழைய முறையையும் நம்பாதீர்கள். எண்ணி எழுதி வைப்பது ஒன்றுதான் வழி. அதனால் கடிதத்தோடு ஒரு கட்டம் போட்ட தாளும் பின் செய்தேன்: தேதி, நேரம், எத்தனை பஃப், எதனால், யார் கொடுத்தது.

முன்பக்கத்தில் நான் அதிகம் யோசித்த வரி விசில் சத்தம் நின்றுபோவது பற்றியது. சத்தம் வருவதற்குக் குறுகிய குழாய் வழியாகக் காற்று ஓட வேண்டும். குழாய் மேலும் இறுகி, காற்றோட்டமே குறைந்தால் சத்தமும் நிற்கும். பக்கத்தில் இருப்பவர்கள் சரியாகிவிட்டது என்று நினைப்பார்கள். நவம்பரில் ஆட்டோவில் வரும்போது டீச்சரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்: "சத்தம் கொறஞ்சிடுச்சு, தேவலன்னு நெனச்சேன் சார்." ஆகவே காதை நம்பாமல் கழுத்துக் குழியையும் பேச்சையும் பாருங்கள் என்று அவரிடம் காட்டிக் கொடுத்தேன். "உன் பேரு, வகுப்பு, டீச்சர் பேரு சொல்லு" என்று கேளுங்கள். மூச்சு வாங்காமல் ஒரே தொடர்ச்சியாகச் சொன்னால் நேரம் இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றால் 108. பள்ளியில் கோவிட் காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர் ஒன்று இருந்தது. 94க்குக் கீழே காட்டினால் உடனே அழையுங்கள் என்றேன், 97 காட்டுகிறதே என்று மட்டும் காத்திருக்காதீர்கள் என்றும் சொன்னேன். நன்றாகத் திணறும் குழந்தைக்கும் ஆரம்பத்தில் அந்த எண் நன்றாகவே இருக்கும்.

பின்பக்கம்

எதனால் தூண்டப்படுகிறது என்ற பகுதியில் முதலில் எட்டு விஷயம் எழுதி, பிறகு பாதியை அடித்தேன். தலைமை ஆசிரியர் சொன்ன ஒரு வாக்கியம் காரணம்: "இந்தப் பக்கம் காத்தே அப்படித்தான் டாக்டர், நாங்க என்ன பண்ண முடியும்?" உண்மைதான். துறைமுகத்தில் நிலக்கரி இறக்குவதை 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவு நிறுத்தும்வரை மொட்டை மாடியில் காயப்போட்ட வேட்டியில் கறுப்புப் பொடி படிந்ததை இந்தக் குழந்தையின் பாட்டி இன்னும் சொல்கிறார். இப்போதும் எண்ணூர், மணலி ஆலைகளும் கொடுங்கையூர்க் குப்பை மேடும் லாரிப் புகையும் இருக்கின்றன. அவற்றைக் கடிதத்தில் எழுதினால் ஆசிரியர் படித்துவிட்டுக் கையைப் பிசைவதைத் தவிர வழியில்லை. பள்ளி மாற்றக்கூடியதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அப்படி மிஞ்சியவை நான்கு. சளி: இவளுக்கு மிகப் பெரிய தூண்டுதல் இதுதான், சளியோடு வரும் நாட்களில் இருமலைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள், பள்ளிக்கு வரக்கூடாது என்று சொல்ல வேண்டாம். புகை: வளாகத்தில் குப்பை எரிக்க வேண்டாம், வகுப்பில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் வேண்டாம், போகியை ஒட்டிய நாட்களில் டயர் புகை அடங்கும்வரை சன்னலை மூடுங்கள். கழிப்பறை கழுவும் ஆசிடும் பிளீச்சிங் பவுடரும்: இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, அதிலிருந்து வரும் குளோரின் வாயு ஆஸ்துமா இல்லாத பிள்ளைகளையும் திணறவைக்கும், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு கழுவுங்கள். சாக்பீஸ் தூசி: பலகையை ஈரத் துணியால் துடைத்தால் போதும், அவளை இடம் மாற்ற வேண்டியதில்லை.

சாப்பாட்டில் எதையும் நிறுத்த வேண்டாம் என்று தனி வரி. முட்டையையும் வாழைப்பழத்தையும் பெயர் சொல்லியே எழுதினேன். உணவு ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உண்டு. இவளுக்கு அப்படி எதுவும் இல்லை, வீட்டில் முட்டை சாப்பிட்டு ஒருநாளும் மூச்சு வாங்கியதில்லை. இது தொற்றுமா என்று பக்கத்துப் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்டிருந்ததால், ஆஸ்துமா ஒட்டாது என்றும் ஒரு வரி.

விளையாட்டு பற்றி எழுதியது பி.டி. சாருக்கு. "ஓடலாம், ஆடலாம், போட்டியில் கலந்துகொள்ளலாம். ஓடினால் மூச்சு வாங்கும் பழக்கம் இருப்பதால், பீரியடுக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன் இரண்டு பஃப். முதலில் மெதுவாக ஐந்து நிமிடம் நடையும் ஓட்டமுமாக உடம்பைச் சூடாக்கட்டும். சளியோ இருமலோ இருக்கும் நாளில் மட்டும் ஓய்வு." படியில் செருப்புக் காத்த ஐந்து மாதத்துக்கு நான் தர வேண்டியிருந்த பதில் இந்த வரிதான்.

மருந்து இருக்கும் இடத்தையும் கடிதமே சொல்கிறது: வகுப்பறையில், ஆசிரியர் மேசை இழுப்பறையில், பூட்டாமல். விளையாட்டு மைதானத்துக்கும் சுற்றுலாவுக்கும் குழந்தையோடு கூடவே போக வேண்டும். பிள்ளைகள் எடுத்து அடித்துவிட்டால் என்ன என்று கேட்டார் தலைமை ஆசிரியர். ஓரிரு பஃப் எடுத்துவிட்டால் சிறிது நேரம் நெஞ்சு படபடக்கும், அவ்வளவுதான். பூட்டிய பீரோவின் ஆபத்தை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம் என்றேன். ஒப்புக்கொண்டார்.

பிப்ரவரி

அதன் பிறகு ஒரு வியாழக்கிழமை மதியம், இரண்டரை மணி. பி.டி. பீரியடுக்கு முன் எடுக்க வேண்டிய இரண்டு பஃப் அன்று விடுபட்டிருந்தது. ஓடி வந்தவள் தூண் பக்கம் குனிந்து, முழங்காலில் கை ஊன்றி நின்றாள். பி.டி. சார் அவளை அங்கேயே உட்கார வைத்து, ஒரு பையனை வகுப்புக்கு அனுப்பினார். மருந்து வந்து சேர மூன்று நிமிடம். நான்கு பஃப். கைக்கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம். இருமல் நின்று, பெயரையும் வகுப்பையும் ஒரே மூச்சில் சொன்னாள். பாட்டியை அழைத்தார்கள். கடிதத்தில் எழுதியிருந்தபடி, சரியான பிறகும் தனியாக அனுப்பாமல் ஆசிரியர் கண்ணெதிரிலேயே உட்கார வைத்தார்கள். இந்த மருந்தின் வேலை சுமார் நான்கு மணி நேரத்தில் தேய்ந்துவிடும், மறுபடி இழுக்கலாம். அன்று மாலையே என்னிடம் அழைத்து வந்தார்கள். நுரையீரலில் லேசான விசில் மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரி தேவைப்படவில்லை.

பாட்டி அந்தக் கட்டத் தாளையும் கொண்டுவந்திருந்தார். அதை விரித்துப் பார்த்தபோதுதான் நான் எதிர்பார்க்காத ஒன்று கண்ணில் பட்டது. டிசம்பரில் விளையாட்டுக்கு முன் எடுத்ததைத் தவிர வேறு பதிவே இல்லை. ஜனவரி கடைசி வாரத்திலிருந்து "இருமல், 2 பஃப்" என்று வாரத்துக்கு மூன்று, பிறகு நான்கு. ஒவ்வொன்றும் சிறியது, பத்து நிமிடத்தில் சரியானது. பள்ளியில் யாரும் கவலைப்பட்டிருக்கவில்லை, வீட்டுக்கும் சொல்லவில்லை. வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் அவசர இன்ஹேலர் தேவைப்பட்டால் நோய் கட்டுக்குள் இல்லை என்று பொருள். விளையாட்டுக்கு முன் எடுப்பது இந்தக் கணக்கில் வராது, இவை வந்தன.

அம்மா அன்று நிறுவனத்திலிருந்து நேராக வந்திருந்தார். தடுப்பு இன்ஹேலரை எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் நேரம் தரையைப் பார்த்தார். "பொங்கலுக்கு அப்புறம் டாக்டர். நல்லாதான இருந்தா. தெனமும் குடுத்தா பழக்கமாயிடும்னு எங்க நாத்தனார் சொன்னாங்க. தீந்துபோச்சு, அடுத்தது வாங்கல."

நல்லா இருந்ததே அந்த மருந்தால்தான் என்பதை அந்தத் தாளில் விரலை வைத்துக் காட்டினேன்: வெறுமையாக இருந்த டிசம்பர், நிறுத்திய பிறகு நிரம்பிய பிப்ரவரி. நான் வாயால் ஐந்து முறை சொல்லியிருக்கிறேன். அவர் நம்பியது அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான். தடுப்பு இன்ஹேலரை மறுபடி ஆரம்பித்தோம், காலை இரண்டு, மாலை இரண்டு, ஸ்பேசர் வழியாக, எடுத்ததும் வாய் கொப்பளிக்க வேண்டும். பல் தேய்ப்பதற்கு முன்னால் என்று நேரம் குறித்தோம், கொப்பளிப்பதும் அதோடு சேர்ந்துவிடும் என்பதால்.

கடிதத்தில் ஒரு வரி சேர்த்துத் திருப்பி அனுப்பினேன். "விளையாட்டுக்கு முன் எடுப்பதைத் தவிர, வாரத்தில் மூன்றாவது முறை மருந்து கொடுக்க நேர்ந்தால், அவள் நன்றாக இருந்தாலும் அன்றே வீட்டுக்குச் சொல்லுங்கள்." மார்ச் மாதத் தாள் வந்தபோது முதல் வாரத்தில் இரண்டு பதிவு, இரண்டாம் வாரத்தில் ஒன்று, பிறகு விளையாட்டுக்கு முன் எடுத்தவை மட்டும். தாளின் ஓரத்தில் பி.டி. சார் பென்சிலால் எழுதியிருந்தார்: இன்ஹேலரில் இதுவரை 64 பஃப் ஆகியிருக்கிறது, மீதி 136.